கடைக்கு வரக்கூடியவர்கள் எத்தனை பேர்

வவுனியா நகரத்தில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நீரிறைக்கும் மோட்டார்களும் சொட்டுநீர்ப் பாசனச் சாமான்களும் விற்கும் கடையொன்றின் மேசையில், என்னுடைய யூடியூப் காணொளிகளுக்கு அனுசரணை கேட்டு நான் செய்த அறிமுகக் கோப்பு, பதினொரு பக்க மீடியா கிட், விரிந்து கிடந்தது. கடைக்கார ஐயா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதற் பக்கத்தில் நான் பென்னாம்பெரிய எழுத்தில் போட்டிருந்த 41,300 என்ற சந்தாதாரர் எண்ணின் மேல் விரலை வைத்து, "பிள்ளை, இதிலை என்ரை கடைக்கு வரக்கூடிய ஆக்கள் எத்தினை பேர்?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. ஒரு மோட்டாரின் குதிரைவலு எவ்வளவு என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கோப்பைச் செய்வதற்கு இரண்டு கிழமை எடுத்திருந்தேன். நிறங்களுக்கும் எழுத்துருவுக்கும் மட்டுமே மூன்று இரவு போயிருந்தது. அந்த ஒரு கேள்விக்கான விடை பதினொரு பக்கத்தில் ஒரு பக்கத்திலும் இருக்கவில்லை.

அவர் அத்தோடு விடவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் 'இதுவரை இணைந்து பணியாற்றியவர்கள்' என்ற தலைப்பின் கீழ் ஆறு நிறுவனங்களின் சின்னங்களை வரிசையாக வைத்திருந்தேன். அவற்றில் மூன்றாவதைச் சுட்டிக்காட்டி, "இவரோடை நான் நேற்றுக் கதைச்சனான். உமக்கு ஒரு ரீ சேட்டும் இரண்டு பைக்கற் விதையும் தந்ததாச் சொன்னவர். அதுவோ அனுசரணை?" என்றார். வன்னியில் விவசாயச் சாமான் விற்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள் என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இப்போதும் யோசிப்பதுண்டு. கொழும்பு நிறுவனங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பப் பழகிய கோப்பை அப்படியே அச்சடித்துக்கொண்டு போய் ஒரு கடை மேசையில் வைத்ததுதான் நான் விட்ட பிழை. மின்னஞ்சலில் அனுப்பியபோது யாரும் எதுவும் கேட்டதில்லை, ஏனென்றால் யாரும் பதிலே போட்டதில்லை. எனக்கு அவர் ஒரு பிளேன் ரீ தந்து, "சரியாக் கணக்குப் பார்த்துக்கொண்டு திரும்ப வாரும்" என்று சொல்லி அனுப்பினார்.

ஒட்டுசுட்டானுக்கு அருகில் அப்பாவுடைய மேட்டுநிலத் தோட்டத்திலிருந்துதான் நான் காணொளிகள் செய்கிறேன். மாங்குளத்தில் இறங்கி அடுத்த பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சந்தாதாரர் தொகை பொய்யில்லை. யாரையும் காசு கொடுத்துச் சேர்க்கவில்லை. ஆனாலும் அந்த எண் அவருக்கு எதையுமே சொல்லவில்லை என்பது உண்மை.

26,000 என்ற சராசரி

வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்த்தது, சந்தாதாரர் தொகைக்குக் கீழே நான் போட்டிருந்த இரண்டாவது எண்ணைத்தான். 'ஒரு காணொளிக்குச் சராசரியாக 26,000 பார்வைகள்' என்று எழுதியிருந்தேன். கடைசிப் பத்துக் காணொளிகளும் வெளியான முதல் முப்பது நாட்களில் பெற்ற பார்வைகளைக் கூட்டி, பத்தால் பிரித்த கணக்கு அது. அந்தப் பத்தையும் ஒரு கொப்பியில் வரிசையாக எழுதினேன்: 4,100, 5,300, 4,800, 2,12,000, 6,200, 3,900, 5,700, 7,400, 4,600, 6,000. மொத்தம் 2,60,000. பத்தால் பிரித்தால் 26,000 என்பது சரிதான். ஆனால் இந்தப் பத்தில் ஒன்றுகூட 26,000 பேருக்குக் கிட்டவும் போகவில்லை. ஒன்பது காணொளிகள் எட்டாயிரத்துக்குக் கீழே நிற்கின்றன. ஒன்று மட்டும் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருக்கிறது.

அந்த ஒன்று எது என்பது எனக்கு மறக்கக்கூடியதல்ல. மாரிமழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட அன்று, வேறு வேலையாகக் கிளிநொச்சிக்குப் போயிருந்த நான் கைபேசியில் எடுத்துப் போட்ட மூன்று நிமிடக் காட்சி. அதில் தோட்டமுமில்லை, மோட்டாருமில்லை. கதவுகளின் கீழால் நீர் பாயும் இரைச்சலும், அணைக்கட்டில் குடையோடு நின்று பார்க்கும் சனமும் மட்டுமே. கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள். "இதிலை குளிச்ச நாட்கள்" என்று ஒருவர், "அப்பா இந்தக் கட்டிலைதான் சைக்கிள் பழக்கினவர்" என்று இன்னொருவர். அதைப் போட்டதில் எனக்கு எந்தக் கவலையுமில்லை. ஆனால் சொட்டுநீர்க் குழாய் விற்பவரிடம் போய், என்னுடைய காணொளியை 26,000 பேர் பார்க்கிறார்கள் என்று சொல்வதற்கு அந்தக் குளத்து நீரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

சராசரிக்குப் பதிலாக இடைநிலையை எடுத்தேன். பத்து எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பவை 5,300, 5,700 என்ற இரண்டு. அவற்றின் நடு 5,500. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமையில் நான் போடும் தோட்டக் காணொளிக்கு உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான் என்பதை, யாரும் சொல்லாமலே நான் அறிந்திருந்தேன். 26,000 என்று எழுதியபோது அந்த அறிவை ஓரமாக வைத்துவிட்டேன். அனுசரணை தருபவர் காசு கொடுப்பது அடுத்து வரப்போகும் காணொளிக்கு. அது அதிர்ஷ்டம் அடித்த காணொளியாக இருக்கப்போவதில்லை என்றே இருவரும் கணக்குப் பார்க்க வேண்டும். 26,000 என்று சொல்லிக் காசு வாங்கி, 5,500 பார்வையோடு முப்பதாம் நாள் அவர் முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சராசரி எனக்கே வைத்த பொறி என்பது விளங்கும்.

பார்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்

அடுத்தது நாடு. கடந்த ஓராண்டுக்கான நாட்டுப் பிரிப்பை யூடியூப் ஸ்டூடியோவில் எடுத்தபோது இலங்கையின் பங்கு 34 சதவீதம்தான் இருந்தது. மிச்சம் கனடா, இந்தியா, பிரித்தானியா, பிரான்ஸ், வளைகுடா நாடுகள் என்று பிரிந்து போயிருந்தது. இதைப் பார்த்ததும் நெஞ்சு இடித்தது. ஆனால் இங்கேயும் இரணைமடுதான் கலந்து கிடந்தது. ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸ் பகுதியில் வேண்டிய காணொளிகளை மட்டும் தெரிந்து ஒரு குழுவாக்கி, அந்தக் குழுவுக்கென்று தனியாகப் பிரிப்புகளைப் பார்க்கலாம். ஒன்பது தோட்டக் காணொளிகளையும் அப்படிக் குழுவாக்கிப் பார்த்தபோது இலங்கையின் பங்கு 58 சதவீதமாக ஏறியது. ஆக, 5,500 பார்வைகளில் ஏறக்குறைய 3,190 பார்வைகள் இலங்கைக்குள்ளே.

இலங்கைக்குள் எங்கே என்பதுதான் சிக்கலான இடம். நகரங்களின் பட்டியலைத் திறந்தால் தலையில் கொழும்பு இருந்தது. முகநூல் பக்கத்திலும் அதே கதை. கச்சானுக்கும் மிளகாய்க்கும் எப்படித் தண்ணீர் கட்டுவது என்று சொல்லும் காணொளியைக் கொழும்பில் இத்தனை பேர் பார்ப்பதாக எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். முற்றத்தில் நின்றுகொண்டு, தம்பியின் கைபேசி இணையத்தில், நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வலைத்தளம் ஒன்றைத் திறந்தால் அது 'கொழும்பு' என்றது. கைபேசி இணையத்தில் வருபவரின் இடத்தை, பெரும்பாலும் அவருடைய இணைப்பின் முகவரியை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். அந்த முகவரி வலையமைப்பின் மையம் எங்கேயோ அங்கே பதிவாகியிருக்கும். ஆகவே நாட்டுக் கணக்கை ஓரளவு நம்பலாம், நகரக் கணக்கை நம்பி ஒருவரிடம் காசு வாங்க முடியாது. அதைப் படம் பிடித்து மீடியா கிட்டில் ஒட்டிவைக்கும் பதிவர்கள் பலர் இருக்கிறார்கள். நானும் ஆறாம் பக்கத்தில் அதைத்தான் செய்திருந்தேன், கொழும்பு நிறுவனங்களுக்குப் பிடிக்கும் என்ற எண்ணத்தில்.

மனிதர்களிடமே கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. யூடியூப்பில் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன். ஐந்து விடைகளுக்குள் அடக்க வேண்டியிருந்ததால் மாவட்டங்களைச் சேர்த்துக் கட்டினேன்: முல்லைத்தீவு அல்லது கிளிநொச்சி, வவுனியா அல்லது மன்னார், யாழ்ப்பாணம், இலங்கையின் வேறு இடம், வெளிநாடு. (தேர்தல் வரைபடத்தில் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடுதான் சேர்ந்திருக்கிறது. ஆனால் மோட்டார் வாங்குபவர் வாக்காளர் இடாப்பைப் பார்த்துக் கடை தேடுவதில்லை, பேருந்து எங்கே போகிறது என்று பார்த்துத்தான் தேடுகிறார்.) 412 பேர் விடை தந்தார்கள். வரிசையாக 118, 67, 71, 46, 110. வெளிநாட்டவரை விட்டால் இலங்கைக்குள் 302 பேர். அவர்களில் நான்கு வன்னி மாவட்டங்களையும் சேர்ந்தவர்கள் 185 பேர், அதாவது நூற்றுக்கு 61. இந்தப் பங்கை 3,190 இற்குப் போட்டால் ஏறக்குறைய 1,900 வரும்.

இந்த 1,900 உம் உறுதியான எண்ணல்ல என்பதை நான் அறிவேன். வாக்கெடுப்பில் விடை தருபவர்கள் ஏற்கெனவே என்னோடு நெருங்கியவர்கள். வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறவர்களின் ஊர் வேறாக இருக்கலாம். பார்வை என்பது ஆளுமல்ல. ஒரு காணொளியை இரண்டு முறை ஓடவிட்டுக் குழாயைப் பொருத்திப் பார்த்தவர் இரண்டு பார்வையாக எண்ணப்படுவார். இந்த இரண்டையும் கழித்து, புதிய கோப்பில் '1,500 இலிருந்து 1,900 வரை' என்று எழுதினேன், எப்படிக் கணக்கிட்டேன் என்பதையும் அதன் கீழே நான்கு வரியில் சேர்த்தேன். முதற் பக்கத்தில் 41,300 இருந்த இடத்தில் 1,500 ஐப் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது.

ஆறு சின்னங்களில் மிஞ்சியவை

இனி அந்த ஒன்பதாம் பக்கம். ஆறு சின்னங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று நேர்மையாக எழுதிப் பார்த்தேன். முதலாவது, சித்தப்பாவுடைய வன்பொருள் கடை. இரண்டாவது, நானே காசு கொடுத்து வாங்கி, நன்றாயிருக்கிறது என்று சொன்ன தெளிகருவி. அந்த நிறுவனத்துக்கு நான் இருப்பதே தெரியாது. மூன்றாவது, ரீ சேட்டும் விதைப் பைக்கற்றும் தந்தவர். நான்காவது, கிளிநொச்சியில் நாற்றுமேடை நடத்தும் ஒரு அக்கா. அவர் உண்மையிலேயே காசு தந்தார், 8,000 ரூபாய். ஐந்தாவது, கண்காட்சியொன்றில் ஒரு நாள் படம்பிடிக்கக் கூப்பிட்ட இடம். அவர்களும் காசு தந்தார்கள், ஆனால் அது படப்பிடிப்பு வேலைக்கு, என் பார்வையாளர்களுக்காக அல்ல. ஆறாவது, 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்திருந்த காலத்தில் ஒரு திரவ உரத்துக்குச் செய்த காணொளி.

அந்த ஆறாவதுதான் என்னை அதிக நேரம் இருத்தி வைத்தது. காசு முழுமையாகத் தந்தவர்கள் அவர்கள். ஆறில் ஆகப் பெரிய பெயரும் அவர்களுடையதே. ஆனால் அந்தப் போகத்தில் வயல் எப்படிப் போனது என்பதை வன்னியில் ஒருவரும் மறக்கவில்லை. தடை அந்த ஆண்டே நீக்கப்பட்டது. அதற்குள் பயிர் மஞ்சளித்துவிட்டது. இலைகளுக்கு அந்தத் திரவத்தைத் தெளிக்கும் என்னுடைய காணொளியின் கீழ், "தங்கச்சி, இதை நம்பி அடிச்சனாங்கள்" என்று ஒருவர் எழுதிய கருத்து இன்னும் அப்படியே இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. அந்தச் சின்னத்தைக் காட்டி ஒரு கொழும்பு முகாமையாளரை நான் வசப்படுத்தலாம். அதே சின்னத்தைக் காட்டி வவுனியாக் கடைக்காரரிடம் போனால், அவர் தன்னுடைய குழாயையும் அந்தத் திரவத்தோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பார். பழைய கூட்டு என்பது எப்போதும் வரவுப் பக்கத்தில் நிற்பதில்லை.

புதிய கோப்பில் சின்னங்களே இல்லை. நாற்றுமேடை அக்காவை அழைத்து, அவருடைய பெயரையும் முடிவுகளையும் காட்டலாமா என்று கேட்டேன். அவர் சம்மதித்ததோடு, நான் கேட்காத ஒன்றையும் சொன்னார். காணொளி வந்த பிறகு ஒரு மாதத்தில் கத்தரி, மிளகாய் நாற்றுக் கேட்டு வந்த புதிய முகங்கள் இருபதுக்குக் கிட்ட என்றும், ஆனால் அவர்களில் பாதிப் பேர் ஐம்பது கன்றுக்குக் குறைவாகவே கேட்டதால் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவுக்கு அது கட்டவில்லை என்றும் சொன்னார். அதையும் சேர்த்தே ஒரு பக்கமாக எழுதினேன்: அவர் என்ன கேட்டார், நான் என்ன செய்தேன், எவ்வளவு வாங்கினேன், என்ன நடந்தது, எது சரிவரவில்லை. திரவ உரத்தையும் மறைக்கவில்லை. '2021 இல் ஒரு திரவ உரத்துக்குக் காசு வாங்கிக் காணொளி செய்தேன். தோட்டத்தில் ஒரு போகம் பாவித்துப் பார்க்காத எதையும் இப்போது ஏற்பதில்லை' என்று ஒரே வரி. இதைப் படித்த தோழியொருத்தி, தன்னைத்தானே குறைத்துக் காட்டும் மீடியா கிட்டைத் தான் கண்டதேயில்லை என்றாள். அவளுக்கு அழகுசாதனப் பக்கம். அவளுடைய வாடிக்கை வேறு.

துறை என்று எதை எழுதுவது

முதற் கோப்பில் என்னுடைய துறையை 'விவசாயம், கிராமிய வாழ்வியல், இயற்கை' என்று குறித்திருந்தேன். இந்த மூன்று சொல்லுக்குள் வன்னியின் பாதி அடங்கும். அதைச் சுருக்குவதற்கு என் விருப்பத்தை விட்டுவிட்டுக் கருத்துகளைப் படித்தேன். அந்த ஒன்பது தோட்டக் காணொளிகளின் கீழ் வந்த கடைசி 200 கருத்துகளைக் கொப்பியில் பிரித்தேன். வாழ்த்தும் இதயக்குறியும் 96. விலை என்ன, எங்கே வாங்கலாம், எத்தனை அடிக் கிணற்றுக்கு எந்த மோட்டார் என்ற வகைக் கேள்விகள் 71. மிச்சம் ஊர்க்கதையும் சண்டையும். அந்த 71 இல் 44 கேள்விகள் தண்ணீரைப் பற்றியவை. கோடையில் கிணறு கீழே போனால் என்ன செய்வது, கால் ஏக்கருக்கு எத்தனை மீற்றர் குழாய், வடிகட்டி அடைபட்டால் எப்படிக் கழுவுவது. என் சனம் என்னிடம் கேட்பது வாழ்வியலை அல்ல, தண்ணீரை. ஆகவே துறையை 'கிணற்றுநீரை நம்பிய மேட்டுநிலத் தோட்டம்: கால் ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கர் வரை' என்று எழுதி, கேள்விகளில் பன்னிரண்டைப் பெயர்களை மறைத்து அப்படியே படமெடுத்து வைத்தேன். சொட்டுநீர் விற்பவருக்கு இதைவிட நல்ல விளம்பரப் பக்கத்தை எவராலும் வரைந்து கொடுக்க முடியாது.

இதோடு ஒரு நாட்காட்டியும் சேர்ந்தது. காலபோக நெல் அறுத்து முடித்தவர்கள் மேட்டுநிலத்தைப் பற்றி யோசிப்பது மாசி, பங்குனியில். அந்த நேரத்தில் தண்ணீர்க் காணொளிகளுக்குக் கேள்விகள் கூடுகின்றன. மழை பிடித்த கார்த்திகையில் போட்டவற்றின் கீழ் ஒன்றிரண்டுதான். ஆகவே ஆண்டு முழுவதற்கும் ஒரே கட்டணம் என்பதை விட்டுவிட்டு, மாரியில் சொட்டுநீருக்கு அனுசரணை எடுக்கமாட்டேன் என்றே எழுதினேன்.

இரண்டாவது பயணம்

இரண்டாம் முறை நான்கு பக்கம் மட்டும் கொண்டு போனேன். ஐயா நின்றுகொண்டே வாசித்தார். 1,500 ஐப் பார்த்து முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். "ஆயிரத்தைந்நூறு பேரோ? என்ரை கடைக்குள்ளை ஒரு மாதத்திலை நூறு பேர் புதுசா வந்தாலே நான் கதிரை வாங்கவேணும்" என்றார். பிறகு பேரம் தொடங்கியது. நான் ஒரு காணொளிக்கும் இரண்டு குறுங்காணொளிகளுக்கும் 45,000 ரூபாய் கேட்டேன். அவர் கணிப்பானை எடுத்து, கால் ஏக்கர்ச் சொட்டுநீர்த் தொகுதி ஒன்றில் தனக்கு 4,000 மிஞ்சும் என்றும், 45,000 ஐ மீட்கப் பன்னிரண்டு தொகுதி விற்கவேண்டும் என்றும் காட்டினார். 30,000 என்றால் எட்டு. ஆயிரத்தைந்நூறு பேரில் எட்டுப் பேர் வாங்குவார்கள் என்று நம்புவதற்குத் தயார், பன்னிரண்டுக்குத் தயாரில்லை என்றார். இத்தனை காலமாக வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து, ஆயிரம் பார்வைக்கு இத்தனை டொலர் என்று கணக்குப் போட்டுக் கொண்டிருந்த எனக்கு, விலை இப்படித்தான் பிறக்கிறது என்பதை அந்தக் கணிப்பான் இரண்டு நிமிடத்தில் காட்டியது. 30,000 இற்குச் சம்மதித்தேன். பாதி முற்பணம், மீதி காணொளி வந்த மறுநாள். தொகுதியை எங்கள் மிளகாய்ப் பாத்தியில் ஒரு போகம் ஓடவிட்ட பிறகே பேசுவேன் என்ற நிபந்தனைக்கு அவர் முதலில் இணங்கவில்லை. பங்குனி தப்பிவிடும் என்றார், அது நியாயம். கடைசியில் மூன்று கிழமை ஓடவிட்டு, 'மூன்று கிழமைதான் பார்த்தேன்' என்று காணொளியிலேயே சொல்வதென்று முடிந்தது. காசு வாங்கிச் செய்தது என்ற அறிவிப்பு காணொளியின் தொடக்கத்தில் தெரியும் என்று சொன்னபோதும் சற்று முறைத்தார். அந்தப் பெட்டியில் அடையாளமிடுவது யூடியூப்பின் விதி, என் விருப்பமல்ல என்று விளக்கினேன்.

முடிவை எப்படி அளப்பது என்பதில்தான் இருவரும் அதிகம் மினக்கெட்டோம். காணொளியில் ஒரு சொல் சொல்வேன், அதைச் சொல்லிக் கேட்பவருக்கு வடிகட்டி இலவசம் என்று வைத்தோம். சொல் 'துரவு'. வட்ஸ்அப்பில் வருபவர்களுக்கு, தொட்டவுடன் அந்தச் சொல் தானாகவே எழுதப்பட்டு நிற்கும் இணைப்பொன்றைக் காணொளியின் கீழ் வைத்தேன்:

```
https://wa.me/94XXXXXXXXX?text=THURAVU
```

எக்ஸ் குறிகளின் இடத்தில் கடையின் எண் வரவேண்டும், முன்னாலிருக்கும் சுழியத்தை நீக்கிவிட்டு. நான் சுழியத்தோடு போட்டுவிட்டேன். முதல் நாள் முழுவதும் இணைப்பு வேலை செய்யவில்லை; ஆகக் கூடுதலான பேர் பார்ப்பது அந்த முதல் நாளில்தான். எத்தனை பேர் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களோ.

கடையில் நிற்கும் பெடியன் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டுக் குறித்துக்கொண்டான். ஐந்து கிழமை கழித்து அந்தக் கொப்பியைப் பார்த்தேன். இடது பக்கம் திகதி, நடுவில் ஊர், வலது பக்கம் 'ரெலிபோன்', 'நேர்', 'வட்ஸ்அப்' என்று சரிவான எழுத்து. வாங்கியவர்களுக்குச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம். துரவு என்று சொன்னவர்கள் 43 பேர்: தொலைபேசியில் 26, வட்ஸ்அப்பில் 9, நேரில் 8. சிவப்பு வட்டம் 11. அவற்றில் இரண்டு, எப்படியும் தன்னிடம் வாங்க இருந்த பழைய வாடிக்கையாளர்கள் என்று ஐயா தள்ளுபடி செய்தார். ஒன்பது தொகுதி, 36,000 ரூபாய். எனக்குத் தந்தது போக ஆறாயிரமும், வடிகட்டிக்குப் போனதைக் கழித்தால் அதிலும் குறைவும். அவர் அதைப் பெரிய வெற்றியாகவும் சொல்லவில்லை, நட்டமாகவும் சொல்லவில்லை.

ஆனால் ஊர் என்ற நிரலில் ஒன்று என் கண்ணைப் பிடித்தது. பதினொரு வட்டத்தில் நான்குக்கு நேரே பெடியன் இரண்டு ஊர் எழுதியிருந்தான். 'விசுவமடு / கனடா', 'நெடுங்கேணி / லண்டன்', 'விசுவமடு / பிரான்ஸ்', 'முழங்காவில் / கனடா'. அங்கேயிருந்து காணொளியைப் பார்த்தவர்கள், கடைக்கு அழைத்து, காசை அனுப்பி, இங்கேயிருக்கும் தமக்கையின் தோட்டத்துக்கோ தகப்பனின் தோட்டத்துக்கோ பொருத்தச் சொல்லியிருக்கிறார்கள். நான் இரவிரவாகக் கழித்து எறிந்த அந்த 42 சதவீதத்துக்குள்ளிருந்து வந்தவர்கள் இவர்கள். கடைக்கு வரக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு நான் அத்தனை கவனமாகத் தேடிய விடை, காசு கொடுப்பவரும் தோட்டம் செய்பவரும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்களில் அது பாதி வீடுகளுக்குப் பொருந்தாது என்பதை நான் அறியாதவளல்ல. எங்கள் வீட்டு மோட்டாரே மாமா அனுப்பிய காசில் வாங்கியதுதான்.

ஆகவே கோப்பை மூன்றாம் முறையும் திருத்த வேண்டியிருக்கிறது. வன்னிப் பார்வையாளர்களின் கீழ், வெளிநாட்டில் பார்த்து ஊரில் வாங்கிக் கொடுப்பவர்கள் என்று தனி வரி வைக்கலாம். ஆனால் நான்கு வட்டத்தை வைத்துக்கொண்டு அந்த வரிக்கு என்ன எண் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. கனடாக்காரர் அத்தனை பேருக்கும் ஊரில் தோட்டம் இருக்கிறது என்று எழுதினால், அது இன்னொரு 41,300 ஆகிவிடும். அடுத்த வாக்கெடுப்பில், வெளிநாட்டில் இருப்பவர்களிடம் மட்டும் கடந்த ஆண்டில் ஊர்த் தோட்டத்துக்கு எதையாவது வாங்கிக் கொடுத்தீர்களா என்று கேட்கலாமென்று இருக்கிறேன். இதைச் சொல்ல ஐயாவை அழைத்தபோது, அடுத்த காணொளிக்கும் அவர் தயாராகவே இருந்தார், ஒரு நிபந்தனையோடு. கனடாவில் வேலை முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, இரவு ஏழு மணிக்கு அழைக்கிறார்கள். அது இங்கே அதிகாலை நாலரை. "கடைசியிலை அதையும் ஒருக்காச் சொல்லிவிடும் பிள்ளை" என்றார், "இஞ்சத்தை நேரம் காலமை எட்டு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லி. மனிசி பேசுது."